முழங்கால் திருகி நீர் கோத்தால்: எப்போது வீங்கியது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எனக்கு 44 வயசு. கோபிச்செட்டிபாளையம் பக்கம் நெல் வெள்ளாமை, ரெண்டு கறவை மாடும் இருக்குது. நாத்து முடியத் தூக்கிக்கிட்டு வயலுக்குள்ள திரும்புனேனுங்க. இடது கால் சேத்துல பதிஞ்சு நின்னுருச்சு, உடம்பு மட்டும் திரும்பிருச்சு. முட்டிக்குள்ள சுருக்குன்னு வலி. நொண்டிக்கிட்டே அன்னிக்கு வேலைய முடிச்சேன். அடுத்த நாள் காலைல பாத்தா முட்டி வீங்கிக் கெடந்துச்சு. பத்து நாளாச்சுங்க. அமுக்குனா உள்ள தண்ணி நகர்ற மாதிரி இருக்குது. நடந்துக்கறேன், ஆனா குத்தவச்சுப் பால் கறக்க முடியல, எந்திரிக்கறப்ப உள்பக்கம் ஏதோ புடிக்குது. எண்ணெய் போட்டு நீவுனாப் போதும்கறார் சித்தப்பா. ஊசில தண்ணிய எடுத்துட்டாச் சரியாயிரும்னு மெடிக்கல்ல சொல்றாங்க. நான் சுகர் மாத்திரை சாப்பிடறேன். இது என்னங்க, ஸ்கேன் எடுக்கோணுமுங்களா?

பதில்: வணக்கம். எத்தனை நாளாக வீக்கம் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அடிபட்டு எவ்வளவு நேரத்தில் வீங்கியது என்பதைப் பலர் எழுதுவதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு அதுதான் முதல் பிடி.

நல்ல முழங்காலுக்குள்ளும் திரவம் உண்டு. ஆனால் ஒரு டீஸ்பூன் அளவுகூட இருக்காது. மூட்டைச் சுற்றியிருக்கும் உறைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எலும்புகள் உரசாமல் வழுக்கி நகர்வதற்கான திரவத்தைச் சுரப்பது அதுதான். உள்ளே ஏதாவது கிழிந்தாலோ நசுங்கினாலோ அந்தச் சவ்வு எரிச்சலடைந்து, அளவுக்கு மேல் சுரக்க ஆரம்பிக்கும். சுரந்து நிறைவதற்கு நேரம் பிடிக்கும். சாயங்காலம் அடிபட்டால் இரவெல்லாம் ஊறி, காலையில்தான் முட்டி பெருத்துத் தெரியும். நீங்கள் தண்ணி என்று சொல்வது அநேகமாக இந்தத் திரவம்தான்.

இன்னொரு வகை வீக்கம் உண்டு. பொங்கல் கபடிப் போட்டிகள் முடிந்த வாரங்களில் எங்களிடம் வரும் இளைஞர்களிடம் அதைப் பார்ப்போம். ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று காலை ஊன்றித் திரும்பியிருப்பார், 'டொப்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டிருக்கும், ஆட்டம் முடிவதற்குள் முட்டி பந்துபோல் ஆகியிருக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அப்படி வீங்கினால் உள்ளே சேர்வது பெரும்பாலும் ரத்தம். முட்டி நழுவாமல் உள்ளே பிடித்து நிறுத்தும் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம், முட்டிச் சில்லு விலகி மறுபடி இடத்தில் உட்கார்ந்திருக்கலாம், மூட்டுக்குள் எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். இந்த வகை வீக்கத்தைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. அன்றைக்கோ மறுநாளோ காட்டிவிட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வீக்கம் தானாக வடிந்துவிடுவதுதான் இதில் சிக்கல். பையன் சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி களத்தில் இறங்குவான். தசைநார் இல்லாத முட்டி திரும்பும்போது நழுவும். அந்த இரண்டாவது நழுவலில், முதல் தடவை தப்பித்திருந்த குருத்தெலும்பும் கிழிந்துபோகும். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அப்படி ஒரு பையன் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் காலுக்கு வருவோம். பாதம் சேற்றில் பதிந்து நிற்க, முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க, பாரத்தோடு உடம்பு திரும்புவது என்பது மெனிஸ்கஸ் கிழிவதற்கான அச்சு அசலான அசைவு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, மோட்டார் குழாய் இணைப்பில் போடும் வாஷர் போல, பிறை வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புத் துண்டுகள் இருக்கின்றன. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இவைதான் மெனிஸ்கஸ். வெளி ஓரத்தில் மட்டும் இவற்றுக்கு ரத்த ஓட்டம் உண்டு. உள் ஓரத்துக்குக் கிட்டத்தட்ட இல்லை. அதனால் உள் ஓரம் கிழிந்தால் ரத்தம் பெரிதாகக் கசியாது. சவ்வு மெதுவாகத் திரவம் சுரப்பதோடு நிற்கும். மறுநாள் வந்த வீக்கம், உள்பக்க வலி, குத்தவைத்து எழும்போது ஏதோ பிடிப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் உள்பக்க மெனிஸ்கஸ் கிழிசல் என்பதுதான் என் முதல் சந்தேகம். முழு மடக்கில் அந்தத் துண்டின் பின்பகுதி எலும்புகளுக்கு இடையே நெருங்கி அழுந்தும். சமதரையில் நடப்பதும் குத்தவைக்க முடியாததும் ஒரே காலில் இருப்பது அதனால்தான்.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். கையால் தொட்டுப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து நீங்களே மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

முதலில், திரவம் மூட்டுக்குள்தான் இருக்கிறதா என்று பாருங்கள். காலை நீட்டிப் படுத்து, தொடையைத் தளர்வாக விட்டுவிடுங்கள். சில்லின் உள்பக்கம் இருக்கும் பள்ளத்தை உள்ளங்கையால் கீழிருந்து தொடைப் பக்கமாக இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தள்ளுங்கள். பள்ளம் வெறுமையாகத் தெரியும். இப்போது சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவி விடுங்கள். உள்பக்கப் பள்ளத்தில் ஒரு சின்ன அலை மறுபடி எழும்பி வந்தால் திரவம் மூட்டுக்குள் இருக்கிறது. திரவம் அதிகமாக இருந்தால் இந்த அலை தெரியாது. அப்போது சில்லுக்கு மேலே ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரலால் சில்லைக் கீழே தட்டுங்கள். மிதந்து போய் எலும்பில் 'டக்' என்று இடிப்பது விரலுக்குத் தெரியும். வலிக்கும் அளவுக்கு எதையும் அழுத்த வேண்டாம். அந்த அலையும் இல்லை, இந்த இடிப்பும் இல்லை, சில்லுக்கு நேர் மேலே தோலுக்கு அடியில் மட்டும் மெத்தென்று இருக்கிறது என்றால் அது மூட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு பையின் வீக்கம். முட்டி போட்டு வேலை செய்பவர்களுக்கு வருவது. அது வேறு கதை.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுங்கள். வலது முட்டியின் பின்பக்கம் தரையை எவ்வளவு நெருங்குகிறதோ, இடதும் அவ்வளவு நெருங்குகிறதா? திரவம் நிறைந்த முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க விரும்பும். அந்த நிலையில்தான் உள்ளே இடம் அதிகம், இழுவை குறைவு. அதனால் ஒரு விரல் அளவு குறைந்தால் பயப்பட வேண்டாம். பொறுமையாகத் தளர்த்தினால் அது மெல்ல இறங்கும். ஆனால் ஒரு இடத்தில் சட்டென்று தடுத்து, அதற்கு மேல் ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ளி, கால் நீளவே மறுத்தால் கிழிந்த துண்டு எலும்புகளுக்கு நடுவே மடிந்து சிக்கியிருக்கலாம். இதைத்தான் நாங்கள் முட்டி பூட்டிக்கொண்டது என்போம். அப்படி இருந்தால் யாரையும் இழுத்து நீட்ட விடாதீர்கள். இழுத்தால் துண்டு மேலும் கிழியும், மூட்டின் வழவழப்பான பரப்பும் சேதமாகும். ஓரிரு நாளில் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். இந்த வகைக் கிழிசலைச் சில நேரம் தைத்துக் காப்பாற்ற முடியும். நாளாக ஆக அந்த வாய்ப்பு குறையும்.

மூன்றாவது, சூடு. இரண்டு முட்டிகளிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். அடிபட்ட முட்டி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தோல் சிவந்து, தொட்டால் சுட்டு, எந்தப் பக்கமும் அசைக்க விடாமல் வலித்தால், அதோடு காய்ச்சலோ குளிரோ இருந்தால், மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். வெறும் திருகலில் இது அபூர்வம். ஆனால் நீங்கள் சேற்றில் நிற்பவர். முட்டியைச் சுற்றி முள் குத்திய காயமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கிருமித் தொற்று சுலபமாக வரும். சில நேரம் காய்ச்சலே இல்லாமலும் உள்ளே முற்றும். கிருமி புகுந்த மூட்டு சில நாட்களிலேயே குருத்தெலும்பை இழக்கும். அதனால்தான் இந்த ஒன்றை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

காலை ஊன்றி நான்கு எட்டுக்கூட வைக்க முடியாவிட்டாலும், பாதம் மரத்துப்போனாலும் அல்லது சில்லிட்டாலும், கெண்டைக்கால் தனியாக வீங்கி வலித்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கெண்டைக்கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக் கூடும்.

இவை எதுவும் இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். வெறும் சதைப்பிடிப்போ, மூட்டுக்கு வெளியே இருக்கும் தசைநாரின் லேசான இழுப்போ ஆக இருந்தால் முட்டிக்குள் இவ்வளவு திரவம் சேராது, பத்து நாளில் நன்றாகக் குறைந்தும் இருக்கும். திரவம் நிற்கிறது, எழும்போது பிடிக்கிறது என்றால் உள்ளே ஏதோ பழுது இருக்கிறது. ஒரு வகையில் பத்து நாள் கழித்துப் போவதிலும் லாபம் உண்டு. அடிபட்ட அன்றைக்கு வலியில் யாரும் முட்டியைத் திருப்பிப் பார்க்க விடமாட்டார்கள். வலி கொஞ்சம் அடங்கிய இந்தச் சமயத்தில் பரிசோதனை இன்னும் தெளிவாகச் சொல்லும்.

மருத்துவர் என்ன செய்வார்? நல்ல காலை முதலில் பார்த்துவிட்டு அடிபட்ட காலுக்கு வருவார். மூட்டு இடுக்கில் விரலை வைத்து, உள்பக்கமிருந்து பின்பக்கம் வரை எங்கே வலிக்கிறது என்று தேடுவார். முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் கீழ்க்காலை முன்னால் இழுத்து, சிலுவைத் தசைநார் பிடித்து நிறுத்துகிறதா என்று பார்ப்பார். மடக்கித் திருப்பி, மெனிஸ்கஸ் சிக்குகிறதா என்று பார்ப்பார். ஐந்து பத்து நிமிடத்தில் முடியும் இந்தக் கைப் பரிசோதனைதான் அடிப்படை. அதைச் செய்யாமலே யாராவது ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினால், ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

எக்ஸ்ரே எல்லோருக்கும் தேவைப்படாது. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த ஒரு எளிய விதியை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறோம். அடிபட்டவருக்கு 55 வயதோ அதற்கு மேலோ ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சில்லில் மட்டும் தொட்டால் வலிக்க வேண்டும், முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனையில் வலிக்க வேண்டும், முட்டியை 90 டிகிரி மடக்க முடியாமல் இருக்க வேண்டும், நான்கு எட்டு வைக்க முடியாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. எலும்பு முறிவு தப்பிவிடாமல் இருக்கத்தான் இந்த விதி. மெனிஸ்கஸ் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே நார்மல், ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், எலும்பு உடையவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் என்று நீங்கள் கேட்பது எம்.ஆர்.ஐ. மெனிஸ்கஸும் தசைநாரும் அதில் நன்றாகத் தெரியும். முட்டி பூட்டியிருந்தாலோ, தசைநார் அறுந்த சந்தேகம் இருந்தாலோ உடனே எடுப்போம். உங்களைப் போல நடக்க முடிகிறவருக்கு, பரிசோதனை முடிந்து சில வாரம் பயிற்சி செய்தும் பிடிப்பு போகவில்லையென்றால் எடுப்பதும் நியாயமான வழிதான். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு, எந்த வலியும் இல்லாத முட்டியிலும் எம்.ஆர்.ஐ. பழைய தேய்மானக் கிழிசலைக் காட்டும். படத்தில் கிழிசல் இருப்பது வேறு, உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்பது வேறு. கையால் பார்த்ததும் படமும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். தேய்மானத்தால் வந்த கிழிசலுக்கு அறுவை செய்வதில் அவசரம் வேண்டாம் என்பதற்குச் சான்று உண்டு. 2013-இல் பின்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கிழிந்த ஓரத்தைக் கருவி விட்டு வெட்டிச் சீராக்கியவர்களும், வெட்டாமல் வெட்டியது போல மட்டும் செய்யப்பட்டவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். அடிபட்டுக் கிழிந்ததையும் முட்டி பூட்டிக்கொண்டதையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்களுடையது எந்த வகை என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஊசி விஷயம். திரவம் நோயின் விளைவு. அதை எடுத்தால் இறுக்கம் குறையும், கால் லேசாகும். உள்ளே கிழிசல் அப்படியே இருந்தால் சவ்வு மறுபடி சுரந்து சில நாளில் நிரப்பிவிடும். அதனால் எல்லா வீக்கத்திலும் எடுப்பதில்லை. முட்டி விண்ணென்று தெறிக்கும்போது எடுப்போம். கிருமி இருக்குமோ, யூரிக் ஆசிட் படிகம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கட்டாயம் எடுப்போம். எடுத்த திரவமே பல விஷயம் சொல்லும். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் சவ்வின் எரிச்சல். ரத்தமாக வந்தால் தசைநாரோ சில்லோ சம்பந்தப்பட்டிருக்கிறது. ரத்தத்தின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் எலும்பின் உள்ளிருந்து கொழுப்பு கசிகிறது, அதாவது எங்கோ முறிவு. கலங்கி வந்தால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். இதெல்லாம் கிருமி நீக்கிய கருவியோடு மருத்துவர் செய்ய வேண்டியது. மருந்துக் கடையிலோ வீட்டிலோ வேண்டவே வேண்டாம். அதே ஊசியில் ஸ்டீராய்டும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், என்ன பழுது என்று தெரிவதற்கு முன் சம்மதிக்காதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு அதைச் சில நாட்களுக்கு ஏற்றிவிடும்.

சித்தப்பா பாசத்தில்தான் சொல்கிறார். வீட்டில் யாராவது தொடைக்கு எண்ணெய் தடவி லேசாக நீவினால் தவறில்லை. முட்டி மூட்டின் மேல் அழுத்தி நீவுவது, மடக்கி முறுக்கிச் சொடக்கு எடுப்பது, இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் விடுவது, இந்த மூன்றும் கூடாது. எரிச்சலில் இருக்கும் சவ்வை அழுத்தினால் இன்னும் சுரக்கும். இறுக்கிக் கட்டினால் தொடைத் தசை மெலிந்துவிடும்.

அந்தத் தசையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முட்டிக்குள் கொஞ்சம் திரவம் சேர்ந்தாலே, தொடையின் முன்பக்கத் தசையை, முக்கியமாகச் சில்லுக்கு மேலே உள்பக்கம் இருக்கும் பகுதியை, நரம்பு தானாகவே வேலை செய்யவிடாமல் அடக்கும். நடக்கும்போது கால் திடீரென்று மடங்குவது போல் தோன்றுவதற்குப் பல நேரம் அதுதான் காரணம். இரண்டு தொடையையும் பக்கத்தில் வைத்து இறுக்கிப் பாருங்கள், இடதில் சதை குழைந்து தெரியும். அதற்கு இன்றைக்கே ஒன்று ஆரம்பிக்கலாம். காலை நீட்டி, முட்டியின் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை ஐந்து நொடி கீழே அழுத்திப் பிடித்து விடுங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. வலிக்காத அளவுக்குப் போதும். அது சுலபமான பிறகு, முட்டியை நேராக வைத்துக் குதிகாலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குங்கள்.

படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை வைக்கலாம். பாதத்திலோ காலிலோ மதமதப்பு இருந்தால் பத்து நிமிடம் போதும், தோலைப் பார்த்துக்கொண்டே வையுங்கள். கிரேப் பேண்டேஜைக் கெண்டைக்காலில் ஆரம்பித்து நடுத்தொடை வரை, விரல் நுழையும் இறுக்கத்தில் சுற்றுங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சர்க்கரை உள்ளவருடைய சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகுதான் அவற்றைத் தர வேண்டும்.

மாடு கறப்பதைக் கொஞ்ச நாள் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். முடியாதென்றால் முட்டி மடங்காத உயரத்தில் ஒரு மனையோ ஸ்டூலோ போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து கறவுங்கள். கழிப்பறைக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்கிக்கொள்ளலாம். நிறைய பேர் கவனிக்காமல் விடுவது வண்டியை. நிற்கும் பைக்கை இடது காலை ஊன்றிக்கொண்டே திருப்புவது, வயலில் நடந்த அதே திருகலை முட்டிக்கு மறுபடி கொடுக்கிறது. இறங்கி நின்று தள்ளித் திருப்புங்கள்.

கோபி அரசு மருத்துவமனையிலோ பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்புப் பிரிவில் காட்டலாம். போகும்போது மூன்றைச் சொல்லுங்கள்: கால் சேற்றில் நின்று உடம்பு திரும்பியது, வீக்கம் மறுநாள் காலையில் வந்தது, குத்தவைத்து எழும்போது உள்பக்கம் பிடிக்கிறது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும், கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். தொளதொளப்பான வேட்டியோ அரைக்கால் டிரவுசரோ கட்டிக்கொண்டு போனால் இரண்டு முட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு வசதி. நாற்று நடவுக்கு எப்போது திரும்பலாம் என்றும் அங்கேயே கேளுங்கள். முட்டி இரண்டும் ஒரே அளவு நீண்டு, வீக்கம் வடிந்து, ஒற்றைக் காலில் நின்று கொஞ்சம் மடக்கி எழ முடிகிற வரைக்கும் சேற்றில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.